கமென்ட்டில் இருந்த பெயர்

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மேசை, ஒரு மின்விசிறி, மழை வந்தால் வாளி வைக்க வேண்டிய ஒரு மூலை, அவ்வளவுதான். ஒரு மேசையில் எங்கள் முதலாளி, நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கேகாலைக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. இன்னொரு மேசையில் நான். ஜன்னலோரம் இருந்த மேசை அவளுடையது. அவள் மெல்பர்னுக்குப் போய் இரண்டு வருஷமாகியும் அந்த மேசையில் யாரையும் உட்கார வைக்கவில்லை. சேருக்கு ஆள் கிடைக்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ருவான்வெல்லைப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரே கீழ் டிவிஷன், தொழிலாளர் வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து லயம். ஒன்றாகவே பஸ்ஸில் போய்ப் படித்தோம், ஒன்றாகவே இந்த வேலைக்கு வந்தோம். வந்த இரண்டாவது மாதமே சேர் ஒரு வேலையைத் தூக்கி எங்கள் தலையில் போட்டார். தோட்டத்து மடுவத்தில், அதாவது பால் சேர்க்கிற கொட்டகையில், ரப்பர் பால் நிறுக்கும் மின் தராசையும் ஒரு டேப்லட்டையும் சேர்த்து, யார் எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்பதை நேரே பதியும் ஒரு மென்பொருள். யாருடைய தோட்டத்துக்கு என்று கேட்டோம். எங்களுடைய தோட்டத்துக்கே. மரத்தைக் கீறிப் பால் வெட்டிக் கொண்டுவருபவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. வாளி நம்பர் நாற்பத்தேழு.

அந்த மென்பொருளில் முக்கால்வாசி அவள் எழுதியது. நான் திரை, பொத்தான், அறிக்கை என்று வெளியே தெரிகிற வேலையைப் பார்த்தேன். தராசு பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்கிற பகுதி அவளுடையது. தராசு ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் ஒரு வரி அனுப்பும். அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவள்தான்.

எங்கள் டிவிஷனில் பால் வாளிகளில் வெள்ளை பெயின்ட்டால் நம்பர் எழுதியிருக்கும். நம்பருக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு, ஒரு வேலி மாதிரி. யாரோ ஒரு துரையின் காலத்தில் ஒரு கிளார்க் அப்படி எழுத ஆரம்பித்து, பிறகு பெயின்ட் அடிக்கிற எல்லோரும் அதைப் பார்த்தே எழுதினார்கள். #47 என்றால்தான் எங்களுக்கு அது வாளி நம்பர். வெறும் 47 என்றால் எதுவோ. அவளும் அந்தப் பழக்கத்திலேயே தராசின் வரிக்கும் வேலி போட்டாள். முதலில் ஒரு வேலி, பிறகு தராசுக்கு ஒரு பெயர், மறுபடி வேலி, தராசு நம்பர், வேலி, வாளி நம்பர், வேலி, கிலோ. தராசுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிக்காமல், சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் பெயரையே போட்டாள்.

#—#3#47#12.4

சோதனைக்குப் போட்டது அப்படியே நிலைத்துவிட்டது. முதல் தராசில் பதித்ததைப் பார்த்து மற்ற ஆறு தராசுக்கும் அதையே கொழும்பில் பதித்துக் கொடுத்தார்கள். ஆகவே எங்கள் பக்கத்து ஏழு மடுவங்களிலும், பத்தரை பதினொரு மணிக்குப் பால் வரும்போது, ஏழு தராசும் அவள் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கும். அந்தப் பெயரைக் கேட்டால்தான் டேப்லட் காது கொடுக்கும். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை. "பாத்தியா, தொரைக்குக் கூட இத்தன தடவ பேரு சொல்லிருக்க மாட்டாங்க" என்பாள்.

அவள் எழுதிய கமென்ட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிரல் எழுதாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கமென்ட் என்பது நிரலுக்கு நடுவே மனிதருக்கு மனிதர் எழுதும் குறிப்பு. நாங்கள் எழுதிய பைத்தான் மொழியில் அதே வேலி அடையாளத்தைப் போட்டுவிட்டால், அங்கிருந்து வரி முடியும் வரை உள்ளதைக் கணினி கண்டுகொள்ளாது. மற்றவர்கள் அதில் ஒன்றிரண்டு ஆங்கில வார்த்தை எழுதிவிட்டு நகர்வார்கள். இவள் ஆங்கில எழுத்தில் தோட்டத்துத் தமிழை எழுதுவாள். அதுவும் தன்னைத் தானே பெயர் சொல்லி, வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி. "—க்கு இந்த லூப்பு புடிக்கல. ஆனா வேல செய்யுது. யாரும் தொடாதீங்க." "—க்குப் பசிக்குது. மிச்சம் நாளைக்கு." சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் பேசுவாள். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால், "—க்குக் கால் வலிக்குதாம்" என்று என் மடியில் புத்தகப் பையை வைப்பாள்.

மெல்பர்னுக்கு இரண்டு பேருமாகத்தான் போவதாக இருந்தோம். விண்ணப்பம் இரண்டையும் ஒன்றாக நிரப்பினோம். அனுப்புவதற்கு முந்திய நாள் நான் பின்வாங்கினேன். அம்மா தனியாக இருப்பாள் என்று சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. எனக்குப் பயம். கேகாலையைத் தாண்டி ஒரு ஊரில் நான் யாராக இருப்பேன் என்று தெரியவில்லை. பயத்தை மறைத்து, வரவில்லை என்பதை அவளிடம் பஸ் நிலையத்தில், பஸ் புறப்படுகிற நேரம் பார்த்துச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். மெல்பர்ன் போன பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்பதிலேயே இரண்டு வருஷம் போய்விட்டது. திட்டியிருந்தால் ஒருவேளை அடுத்த நாளே பேசியிருப்போம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சேர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மென்பொருளை முழுசாக வாங்குவதற்குக் கொழும்பில் ஒரு நிறுவனம் வந்திருந்தது. அவர்களுடைய ஆட்கள் நிரலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள்.

"கமென்ட்ஸுக்குள்ள ஆக்களின்ர பேர் கிடக்கக் கூடாதாம், பிள்ளை" என்றார் சேர். "அது அவையின்ர விதி. எங்கட கமென்ட்ஸில பார்த்தால் எல்லா இடத்திலயும் அவவின்ர பேர்தான். அதை எடுத்துப்போட்டு டெவலப்பர் எண்டு போட்டுவிடுங்கோ."

"புரோகிராமுலயும் அந்தப் பேரு இருக்குங்க சேர்."

"அதில கை வைக்காதேங்கோ. தராசு ஏழும் அந்தப் பேரைத்தான் சொல்லுது. திருப்பிப் பதிக்கிறதெண்டால் ஏழையும் கொழும்புக்குக் கொண்டுபோக வேணும். கமென்ட்ஸில மட்டும் மாத்துங்கோ. புரோகிராம் அப்பிடியே இருக்கட்டும்."

சரி என்று வந்து உட்கார்ந்தேன். கோப்புகளைத் திறந்தேன். முதல் கோப்பின் முதல் வரியிலேயே அவள் இருந்தாள். மூடிவிட்டேன்.

அன்றைக்கு நான் செய்தது சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு அந்தக் கமென்ட்டுகளைப் படிக்கத் தைரியம் இல்லை, அதுதான் விஷயம். படிக்காமலேயே மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிக்கிற மாதிரி. ஆகவே ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் வேலி அடையாளத்தைத் தேடு. அங்கிருந்து வரி முடியும் வரை கமென்ட். அதற்குள் அவள் பெயர் இருந்தால் மாற்று. நாலு வரி நிரல், ஒரு நொடியில் முடிந்தது.

சோதனைகளை ஓடவிட்டேன். எல்லாம் பச்சை, பிழை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவளே எழுதிவைத்த சோதனைகள் அவை. பச்சையைப் பார்த்ததும் திருப்தியாக அனுப்பிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மடுவங்களில் டேப்லட்டைத் திறந்ததும் அது புதிய பதிப்பை இறக்கிக்கொண்டது. பத்தரை மணிக்கு எங்கள் கீழ் டிவிஷன் ஃபீல்ட் ஒபிசர் போன் பண்ணினார். அவர் சிங்களவர், நல்ல மனிதர், என்னோடு பாதி தமிழ், பாதி சிங்களம் பேசுவார்.

"மிஸ், தராதிய வெட நே. தராசு வேல இல்ல. டேப்லட்ல தெரியாத தராசுன்னு வருது."

அவர் வைப்பதற்குள் மேல் டிவிஷன் கூப்பிட்டது. அதற்குள் பக்கத்துத் தோட்டம். பதினொரு மணிக்குள் ஏழு பேரும் கூப்பிட்டுவிட்டார்கள். பால் வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், பால் உறையத் தொடங்கிவிடும், என்ன செய்ய என்று கேட்டார்கள். உறைந்துவிட்டால் அது நல்ல பாலாகச் சேராது. விடியற்காலையில் எழுந்து அத்தனை மரத்தில் பால் வெட்டியது வீண்.

மாற்றத்துக்கு முந்திய பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டு, டேப்லட்டை மூடித் திறக்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் தராசுகள் மறுபடி பேசின. பால் உறையவில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டுவதைவிட அது மோசம்.

என்ன நடந்தது என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. வரும் வரி அவளுடைய தராசு அனுப்பியதுதானா என்று பார்க்கிற இடத்தில், மேற்கோள் குறிக்குள் அவள் எழுதியிருந்தது "#—#". தராசு சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கிற சொல் அது. நிரலின் உயிரே அதுதான். ஆனால் அதுவும் வேலியில்தான் தொடங்குகிறது. என் நாலு வரி நிரல் அந்த வேலியைப் பார்த்ததும் கமென்ட் என்று நினைத்து, உள்ளே புகுந்து பெயரை மாற்றிவிட்டது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் வேலி கமென்ட் இல்லை என்பது பைத்தான் மொழிக்குத் தெரியும். என் நிரலுக்குத் தெரியவில்லை. அதற்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது.

சோதனை எல்லாம் பச்சையாக வந்ததே, அது எப்படி? அவள் எழுதிய சோதனைகளுக்குள்ளும் மாதிரிக்கு அதே "#—#" வரிகள் இருந்தன. அவற்றையும் என் நிரல் அதே மாதிரி மாற்றிவிட்டிருந்தது. கேட்கிறவனும் பொய், சொல்கிறவனும் பொய், இரண்டும் ஒத்துப்போய்ப் பச்சை காட்டியது. மடுவத்தில் இருந்த தராசு மட்டும்தான் உண்மையைச் சொன்னது.

வாளி நம்பருக்கு முன்னால் வேலி போடாத ஊரில் யாராவது இதை எழுதியிருந்தால் என் நாலு வரி அநேகமாகத் தப்பியிருக்கும். எங்கள் டிவிஷன் பழக்கத்தை எங்கள் டிவிஷன்காரியான நானே மறந்துபோய் மாட்டிக்கொண்டேன். அவள் இருந்திருந்தால் வாரம் முழுக்கச் சிரித்திருப்பாள்.

சாயங்காலம் வீட்டில் அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தபடி கேட்டாள். "இன்னைக்கு ஒங்க மெசினு தராசப் பாத்து நீ யாருன்னு கேட்டுச்சாமே?"

"ஆமாம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

"அந்தப் புள்ள இருக்கயில இப்புடி ஒரு நாளும் ஆனதில்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அவ பேசுறாளா?" என்றாள். இல்லை என்றேன். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். அவளை அப்போது மனது எவ்வளவு தேடியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பக்கத்து லயத்தில் அவர்கள் வீட்டுக் கதவில் வேறு யாரோ புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எஹலியகொடையில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிவிட்டது.

மறுநாள் ஒழுங்காக வேலையை ஆரம்பித்தேன். பைத்தான் மொழி தன் நிரலைப் படிக்கும்போது முதலில் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வகை சொல்லும்: இது பெயர், இது குறி, இது மேற்கோளுக்குள் இருக்கும் சரம், இது கமென்ட். அந்தப் பிரிக்கிற கருவி மொழியோடே வருகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். "#—#" அதற்கு மேற்கோள் குறியோடு சேர்ந்து முழுசாக ஒரே சரம். உள்ளே வேலி இருப்பதை அது கண்டுகொள்வதே இல்லை. கமென்ட் என்று அது முத்திரை குத்துகிற துண்டுகளை மட்டும் எடுத்து, அவை எந்த வரியில் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகின்றன என்று கேட்டு, அங்கே மட்டும் மாற்றினால் போதும். மற்ற எதையும், ஓர் இடைவெளியைக்கூட, தொட வேண்டியதில்லை.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சில கமென்ட்டுகளில் அவள் தன் பெயரில் வைத்த ஒரு செயல்முறையைச் சுட்டிக்காட்டியிருந்தாள்: "read_— ஐப் பாருங்க" என்கிற மாதிரி. நிரலில் அந்தச் செயல்முறை அதே பெயரில்தான் இருக்கப்போகிறது. கமென்ட்டில் மட்டும் மாற்றினால், படிப்பவர் இல்லாத ஒன்றைத் தேடி அலைவார். அதனால் பெயருக்கு முன்னால் வேறு எழுத்தோ அடிக்கோடோ ஒட்டியிருந்தால் விட்டுவிடச் சொன்னேன். பின்னால் அவள் வழக்கமாக ஒட்டுகிற க்கு, ஓட மாதிரி நாலைந்து உருபு வந்தால் மட்டும் ஏற்கச் சொன்னேன். அவள் தமிழ் எழுதுகிற விதம் எனக்குத் தெரியும் என்பதால் அந்தப் பட்டியல் போட இரண்டு நிமிஷம்தான் ஆனது.

இந்த முறை மாற்றுவதற்கு முன்னால், எதை எதை மாற்றப்போகிறது என்று பட்டியலாகக் காட்டச் சொன்னேன். முதல் முறை படிக்காமல் விட்டதால் வந்த வினை போதும். எண்பத்துமூன்று இடம். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"—க்கு இந்த வரி சந்தேகமா இருக்கு. ஆனா சேர் சரிங்கிறாரு."

"மழ நாள்ல பால்ல தண்ணி கூடும். அதான் — இந்த எல்லைய ஏத்தி வெச்சிருக்கா. கொறைக்காதீங்க."

"47 யாரு வாளின்னு —க்குத் தெரியும். அதான் சோதனைக்கு இந்த நம்பர். வீட்டுக்குப் போனா இதச் சொல்லி ரொட்டி வாங்கித் திங்கலாம்."

என் அம்மாவின் ரொட்டி. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சேர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்டுமில்லை சேர்" என்று அவருடைய பேச்சிலேயே சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

எழுபதாவதோ எழுபத்தொன்றாவதோ, மழை நாட்களைக் கணக்கில் எடுக்கிற ஒரு மூலைக் கோப்பில் இருந்தது. நான் அதுவரை திறந்தே பார்க்காத கோப்பு. அவள் வேலையை விடுகிற வாரத்தில் எழுதியிருக்கிறாள். பஸ் நிலையத்தில் நான் வரவில்லை என்று சொன்ன பிறகு.

"— போன பொறகு இதப் பாக்கப்போறது நீதான். வேற யாரும் தொறக்க மாட்டாங்க. —க்கு ஒம்மேல கோவம் இல்ல. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிருக்கலாம். —க்கும் பயம்தான்."

இரண்டு வருஷமாக அது அங்கே இருந்திருக்கிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு சொடுக்குத் தூரத்தில். அவள் பதிலுக்குக் காத்திருந்திருப்பாள். நான் கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். முதல் நாள் அந்த நாலு வரி நிரல் இந்தக் கமென்ட்டையும் நான் பார்க்காமலேயே மாற்றியிருந்தது; தராசு காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேறு எப்படிச் சொல்வது.

திரும்பி வந்து வேலையை முடித்தேன். அந்த ஒரு கமென்ட்டை விட்டுவைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சேரின் கையெழுத்தில் நிரல் போகிறது. அவருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. எண்பத்துமூன்றும் மாறின. டெவலப்பருக்குப் பசிக்குது, மிச்சம் நாளைக்கு. டெவலப்பருக்கும் பயம்தான். படித்துப் பார்த்தால் யாரோ ஓர் அலுவலகத்து ஆள் பேசுகிற மாதிரி இருந்தது.

சில செயல்முறைகளின் தலைப்பில் மும்மேற்கோளுக்குள் விளக்கம் எழுதியிருந்தாள். அதில் மூன்று இடத்தில் பெயர் இருந்தது. பார்ப்பதற்குக் கமென்ட் போலத்தான் இருக்கும். ஆனால் மொழி அதைச் சரம் என்றே எடுத்துக்கொள்ளும். கருவி அவற்றைத் தொடவில்லை. சேரிடம் கேட்டேன். "அதைப் பிறகு தனியக் கையால மாத்துங்கோ. இதோட கலக்க வேண்டாம்" என்றார். சரியான பேச்சு.

பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். துண்டுகளாகப் பிரித்த பிறகு மொழி அவற்றைக் கோத்து, எதற்குள் எது என்று கிளை கிளையாக ஒரு மரம் போல அமைத்துக்கொள்ளும். அந்த மரத்தில் கமென்ட்டுக்கு இடமே கிடையாது. ஆகவே கமென்ட்டை மட்டும் மாற்றியிருந்தால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் பார்த்தேன். ஒன்றாகவே இருந்தன. முந்தைய வாரம் மடுவத்திலிருந்து உண்மையில் வந்த வரிகளையும் ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. மொழிப்படி இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. மூன்று விளக்கங்களையும் கையால் மாற்றி, அந்த மூன்று இடம் தவிர மரம் மாறவில்லை என்றும் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் மழை.

மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. மரம் நனைந்திருந்தால் பால் பட்டையில் பரவி வழிந்துவிடும், மரத்தில் கட்டிய சிரட்டைக்கு வராது. பால் இல்லையென்றால் நிறுவை இல்லை, தராசு பேசாது. நான் பத்தரைக்கே திரையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. அடுத்த நாளும் மழை. அலுவலக மூலையில் வாளி நிரம்பி இரண்டு தரம் ஊற்றினேன். அதற்கு அடுத்த நாளும் மழை. சேர், "நீங்கள் எல்லாம் சரி பார்த்திட்டீங்கள்தானே, பிறகென்ன யோசினை?" என்றார். யோசனை நிரலைப் பற்றி இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது. அவள் பேசிய கமென்ட்டுகளில் எல்லாம் தேடித் தேடி அவள் பெயரை என் கையாலேயே அழித்துவிட்டேன். இனி அந்தப் பெயரைச் சொல்லப்போவது தராசு மட்டும்தான். அதை ஒரு தரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. வேறு ஒன்றும் வேண்டாம் போல இருந்தது.

காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அம்மா சிரித்தாள். "பால் வெட்டுறது நானா நீயா?" என்றாள்.

நாலாவது நாள் விடியும்போது மரங்களுக்கு நடுவே வெளிச்சம் இருந்தது. அம்மா கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பத்தே முக்காலுக்குத் திரையின் அடியில் முதல் வரி வந்தது. அது கீழ் டிவிஷன் தராசு, எங்கள் தராசு. ஆனால் நாற்பத்தேழு இல்லை, வேறு யாரோ. இரண்டாவது வரி, மூன்றாவது. ஒவ்வொரு வரியும் அவள் பெயரில் தொடங்கியது. பதினோராவது வரியாக நாற்பத்தேழு வந்தது.

#—#3#47#9.8

மழைக்குப் பிறகு அவ்வளவுதான் வரும்.

அந்த வரியைத் திரையிலிருந்து படம் எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் நின்றுபோன உரையாடலைத் திறந்தேன். அங்கே கடைசியாக இருந்தது விண்ணப்பத்தில் எந்தப் பெட்டியில் டிக் போடுவது என்று அவள் கேட்ட கேள்வி. என்னென்னவோ தட்டினேன், அழித்தேன். மன்னிப்பு, காரணம், அம்மா, பயம், மூலைக் கோப்பில் படித்தது, எல்லாம். ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியில் படத்தை மட்டும் அனுப்பினேன்.

மெல்பர்னில் அப்போது பிற்பகலாக இருந்திருக்கும். மதியம் வரை பதில் வரவில்லை. சாப்பாட்டுப் பொதியைத் திறந்து மூடினேன். திரையில் மற்ற மடுவங்களின் வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றும் அவளைக் கூப்பிட்டபடி. ஒரு மணிக்குப் போன் அதிர்ந்தது.

அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அதிலும் அவள் பெயர் இருக்கிறது. அதையும் கோடாக மாற்றியிருக்கிறேன்; அந்தப் பெயரைச் சொல்வது இனித் தராசின் வேலை.

"—க்கு வீட்டுக்கு வரணும் போல இருக்கு."